மைக் செத்தா, ஸ்லைட் நின்னா, கரண்ட் போனா வாயில தயாரா இருக்க வேண்டிய வரிகள்

வணக்கம் மேடம். அடுத்த மாசம் எங்க ஆபீஸ் வருடாந்திரக் கூட்டத்துல நான் 20 நிமிஷம் பேசணும். 150 பேர் வருவாங்க, 14 ஸ்லைட் இருக்கு. வாடிக்கையாளர் புகாரை முடிக்க 9 நாள் ஆயிட்டு இருந்தது இப்ப 4 நாளா குறைஞ்சிருக்கு, அதைப் பத்திதான் பேச்சு. போன தடவை பேசினவருக்கு நடுவுல மைக் நின்னு போச்சு, அவர் "ஹலோ ஹலோ"ன்னு மைக்கைத் தட்டிட்டே இருந்தார், கொஞ்ச நேரத்துல கரண்ட்டும் போச்சு, பேச்சு அப்படியே பாதியில முடிஞ்சுது. எனக்கு அப்படி ஆனா சமாளிக்க வரிகளை முன்னாடியே எழுதி வச்சுக்கலாமா? எழுதினா எப்படி எழுதறது? ஜோக் ஏதாவது வச்சுக்கணுமா?

—

எழுதி வச்சுக்கங்க, கண்டிப்பா. ஜோக்கை மட்டும் விட்டுடுங்க, குறிப்பா மைக் போற நேரத்துக்கு. ஏன்னு சொல்றேன், மத்த எல்லாமே அதுலேர்ந்துதான் வருது. மைக் போன அடுத்த நொடி நீங்க பேசறது முதல் மூணு நாலு வரிசைக்குத்தான் கேக்கும். அவங்க சிரிப்பாங்க. பின்னாடி இருக்கறவங்களுக்கு ஜோக்கும் கேக்காது, என்ன நடக்குதுன்னும் புரியாது, முன்னாடி எதுக்கு சிரிக்கறாங்கன்னு பக்கத்துல இருக்கறவரைக் கேப்பாங்க, அங்க ஒரு சலசலப்பு ஆரம்பிக்கும், அதுக்கப்புறம் மைக் இல்லாம அந்த சலசலப்பைத் தாண்டி உங்க குரல் போய்ச் சேராது. அப்ப உங்க கைல இருக்கற ஒரே சொத்து அந்த ஹால்ல இருக்கற அமைதி, ஜோக் முதல்ல அதைத்தான் காலி பண்ணும்.

இதுக்கு நேர்மாறான உதாரணமும் இருக்கே, அதை ஏன் சொல்லலைன்னு கேப்பீங்க. 2007 ஜனவரில ஸ்டீவ் ஜாப்ஸ் ஐஃபோனை முதல் முதலா அறிமுகம் பண்ண மேடையில ஸ்லைட்டை மாத்தற அவரோட கிளிக்கர் வேலை செய்யலை. உள்ள ஆளுங்க சரி பண்ணட்டும்னு விட்டுட்டு, அவரும் அவரோட சேர்ந்து ஆப்பிளை ஆரம்பிச்ச வாஸ்னியாக்கும் இளவயசுல டிவி சிக்னலைக் குழப்பற ஒரு சின்ன கருவி செஞ்சு ஹாஸ்டல் பசங்களை ஆட்டி வச்ச கதையைச் சொல்லி கூட்டத்தைச் சிரிக்க வச்சார், அதுக்குள்ள கிளிக்கர் ரெடி. அங்க அந்தக் கதை எடுபட்டதுக்குக் காரணம் அவர் மைக் நல்லா இருந்தது, லைட் எரிஞ்சுட்டு இருந்தது, கடைசி வரிசை வரைக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஸ்லைட் மட்டும் நின்னா கதை சொல்லலாம். மைக் போனா சொல்லக்கூடாது. கரண்ட் போனா ரெண்டுமே வேற கணக்கு. மூணுக்கும் ஒரே வரி வச்சுக்கிட்டு போறவங்கதான் மேடையில முழிக்கறாங்க, அதனால மூணையும் தனித்தனியாவே பாக்கலாம்.

முதல்ல மைக். இதுக்குத்தான் நிறைய இடம் எடுத்துக்கப் போறேன், ஏன்னா அடிக்கடி போறது இதுதான், வரி எழுதும்போது எல்லாரும் கோட்டை விடற இடமும் இதுதான்.

மைக் போனதுக்கான வரியை மைக் இல்லாமதான் சொல்லியாகணும். சொன்னா சாதாரண விஷயம் மாதிரி தெரியுது, ஆனா எனக்கு வர்ற ஸ்கிரிப்ட்டுகள்ல பாதிக்கு மேல "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக ஏற்பட்ட தடங்கலுக்கு வருந்துகிறேன், சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்"ங்கற மாதிரி வரியா இருக்கு. அதை மைக் இல்லாம 150 பேர் இருக்கற ஹால்ல சத்தமா சொல்லிப் பாருங்க, பாதிக்கு மேல மூச்சு வாங்கும், "பொறுத்துக்கொள்ளுங்கள்" வரும்போது குரல் தரைக்கு வந்திருக்கும். மைக் போனப்போ சொல்ற வரில நாலஞ்சு சொல்தான் இருக்கணும், ஒரே மூச்சுல முடியணும், கேக்கறவங்க உடனே செய்யக்கூடிய ஒரு வேலை அதுல இருக்கணும்.

நான் சொல்ற முறை இது. சத்தம் நின்ன உடனே வாக்கியத்தை அங்கயே நிறுத்துங்க, முடிக்கணும்னு இழுக்காதீங்க. மைக்ல இருக்கற சுவிட்சையும் லைட்டையும் ஒரே ஒரு தடவை பாருங்க. கை பட்டு சுவிட்ச் ஆஃப் ஆயிருந்தா போட்டுடுங்க, பிரச்சனை அதோட தீர்ந்தது. லைட்டே எரியலைன்னா பேட்டரி போயிருக்கலாம். லைட் எரியுது ஆனா சத்தம் இல்லைன்னா கோளாறு உங்க கைல இல்ல, ரிசீவர்லயோ மிக்ஸர்லயோ ஒயர்லயோ எங்கயோ இருக்கு, மேடையில நின்னுக்கிட்டு நீங்க அதை ஒண்ணும் பண்ண முடியாது. இந்தப் பார்வைக்கு அஞ்சு நொடி போதும். அதுக்கு மேல தட்டறது, ஊதறது, "ஹலோ"ன்னு சொல்லிப் பாக்கறது எதுவும் வேண்டாம். அதே நேரத்துல சவுண்ட் பாக்கறவர் உங்க மைக் வரலையேன்னு சவுண்டை ஏத்திக்கிட்டு இருப்பார், திடீர்னு லைன் வந்துட்டா நீங்க தட்டின தட்டு இடி மாதிரி விழும், இல்லைன்னா கீச்சுன்னு ஊளையிடும்.

அப்புறம் மைக்கை ஆஃப் பண்ணி மேஜை மேல வைங்க, எல்லாரும் பாக்கற மாதிரி வைங்க. மேஜைக்குப் பின்னாடி நின்னுட்டு இருந்தீங்கன்னா ரெண்டு எட்டு முன்னாடி வாங்க. ஒரு கையை மேல தூக்கிட்டு ரெண்டு மூணு நொடி பேசாம நில்லுங்க. பின்னாடி இருக்கறவங்களுக்கு உங்க குரல் எட்டாது, ஆனா கை தெரியும், மைக்கை வச்சது தெரியும், முன்னாடி வந்தது தெரியும், ஏதோ சொல்லப் போறீங்கன்னு புரிஞ்சு பேச்சை நிறுத்துவாங்க. அந்த அமைதி வந்த பிறகுதான் வரி. "மைக் இல்லாம பேசப் போறேன்." ஒரு மூச்சு. "கடைசி வரிசை, கேட்டா கை தூக்குங்க!" அவ்வளவுதான்.

கேள்வியை இப்படி வச்சதுக்குக் காரணம் இருக்கு. நம்ம எல்லாரும் பழக்கத்துல "எல்லாருக்கும் கேக்குதா?"ன்னுதான் கேப்போம். கேக்கறவங்க "கேக்குது"ன்னு சொல்லுவாங்க, கேக்காதவருக்கு அந்தக் கேள்வியே கேட்டிருக்காது, அவர் எப்படி பதில் சொல்வார்? கடைசி வரிசையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு கை தூக்கச் சொன்னா, கை வந்தா கேக்குது, வரலைன்னா கேக்கலை, உங்களுக்குக் கண்ணாலயே தெரிஞ்சுடும். கை வரலைன்னா அடுத்த வரி: "பின்னாடி இருக்கறவங்க முன்னாடி வாங்க." இதைச் சொல்லும்போது கையாலயும் கூப்பிடுங்க. ஆளுங்க வந்து உக்கார்ற வரைக்கும் ஒண்ணும் பேசாதீங்க, ஒரு நிமிஷம் போகும், போகட்டும்.

பேச்சுக்குத் திரும்பற வரி அடுத்தது. மைக் போறதுக்கு முன்னாடி எந்த வாக்கியம் முழுசா கேட்டதோ அந்த வாக்கியத்துலேர்ந்து திரும்ப ஆரம்பிங்க, "எங்க விட்டேன்?"னு கூட்டத்தைக் கேக்காதீங்க, ஆளுக்கொரு பதில் வரும். "புகார் எங்க தேங்குதுன்னு சொல்லிட்டு இருந்தேன்"னு நீங்களே ஒரு வரில பிடிச்சுட்டு போயிடுங்க. உங்க பேச்சை மூணு நாலு பகுதியா பிரிச்சு ஒவ்வொரு பகுதிக்கும் இந்த மாதிரி ஒரு திரும்பற வரி எழுதி வச்சுட்டீங்கன்னா எந்த இடத்துல அறுந்தாலும் ஒட்ட வைக்கலாம்.

மைக் இல்லாம பேசும்போது இன்னொண்ணு, இது தமிழ்ல பேசறவங்களுக்கு ரொம்ப முக்கியம். நம்ம வாக்கியத்துல வினை கடைசிலதான் வருது, "இல்ல", "வேண்டாம்", "கூடாது" எல்லாமே கடைசிலதான் வருது. குரலும் வாக்கியத்தோட கடைசிலதான் இறங்குது. மைக் இருக்கும்போது அந்த இறக்கத்தை மைக் தூக்கிக் குடுத்துடும். மைக் இல்லைன்னா "புகாரை அடுத்த டீமுக்கு அனுப்பக்கூடாது"ங்கறது பத்தாவது வரிசைல "புகாரை அடுத்த டீமுக்கு அனுப்ப..."ன்னு போய்ச் சேரும், அதாவது நீங்க சொன்னதுக்கு நேர் எதிரா. அதனால கத்தறதை விட வாக்கியத்தைச் சின்னதாக்கி கடைசிச் சொல்லை முதல் சொல் அளவுக்கே அழுத்திச் சொல்றதுதான் வழி. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவுல மூச்சு எடுங்க. தொண்டையை இறுக்கி உச்சத்துல கத்தினா அஞ்சு நிமிஷத்துல குரல் கம்மிடும், சொல்லும் தெளிவா இருக்காது. தலையைக் குனிஞ்சு குறிப்பைப் படிச்சுக்கிட்டே பேசினா சத்தம் பூராவும் தரைக்குத்தான் போகும், அதனால படிங்க, நிமிருங்க, அப்புறம் பேசுங்க.

இதுக்கு ஒரு எல்லையும் இருக்கு. 40, 50 பேர் இருக்கற ரூம்னா பழக்கம் இல்லாதவங்க கூட சமாளிச்சுடலாம். 150 பேர்னா ஹால் எப்படி இருக்குங்கறதைப் பொறுத்தது, ஏசி சத்தம், கார்ப்பெட், கூரை உயரம் எல்லாம் சேர்ந்துதான் முடிவு பண்ணும். 20 நிமிஷப் பேச்சை முழுசா மைக் இல்லாம பேசறேன்னு இறங்காதீங்க, ஏழெட்டு நிமிஷத்துக்கு முக்கியமானதை மட்டும் பேசறதுக்கு ஒரு சுருக்கம் வச்சுக்கங்க. கூட்டத்தை வெளியூர்லேர்ந்து ஆன்லைன்ல பாக்கறவங்க இருந்தா அவங்களுக்கு மைக் போனா ஒண்ணுமே கேக்காது, சவுண்ட் சிஸ்டத்தோட இணைச்ச காதுக் கருவி போட்டிருக்கறவங்களுக்கும் அதே கதைதான், அப்படி யாராவது இருந்தா குரலை உயர்த்தறது பதிலே இல்ல. அங்க வரி வேற: "மைக் வர்ற வரைக்கும் நிறுத்தறேன், ரெண்டு நிமிஷம்." அந்த ரெண்டு நிமிஷத்துல பக்கத்துல இருக்கறவங்களோட பேசிக்கற மாதிரி ஒரு கேள்வியைக் குடுங்க. உங்க பேச்சுக்குன்னா "உங்க டீம்ல ஒரு புகார் அதிக நாள் காத்திருக்கற இடம் எது?"ங்கற கேள்வி பொருத்தமா இருக்கும், மைக் வந்ததும் ரெண்டு பேர் பதிலைக் கேட்டுட்டு அதுலேர்ந்தே மேல போகலாம்.

எவ்வளவு நேரம்னு சொல்லாம நிறுத்தறது நல்லதில்ல. 1976 செப்டம்பர்ல ஃபோர்டும் கார்ட்டரும் மோதின அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதத்துல நேரடி ஒளிபரப்பு நடுவுல ஒலி போயிடுச்சு, அது திரும்ப வர சுமார் 27 நிமிஷம் ஆச்சு. அந்த 27 நிமிஷமும் ரெண்டு பேரும் அவங்கவங்க மேஜைக்குப் பின்னாடி பேசாம நின்னுக்கிட்டே இருந்தாங்க, நாடே பாத்துட்டு இருந்தது. விவாதத்துல என்ன பேசினாங்கங்கறதை விட அந்த நிக்கறதைத்தான் ஜனங்க ஞாபகம் வச்சிருக்காங்க. எப்ப சரியாகும், அதுவரைக்கும் என்ன செய்யலாம்னு யாரும் முன்னாடி பேசி வைக்கலைன்னா எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் மேடையில அப்படித்தான் நிக்க வேண்டி வரும்.

அடுத்து ஸ்லைட். இங்க உங்க குரல் நல்லா இருக்கு, அதனால பதட்டமே தேவையில்ல. வரியை விட இங்க முன்தயாரிப்புதான் பெரிசு.

உங்க 14 ஸ்லைட்டையும் ஒரு தடவை பாத்து, எதெல்லாம் இல்லாம பேச்சே நடக்காதுன்னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் மூணுக்கு மேல தேறாது. உங்க விஷயத்துல என் ஊகம், 9 நாள் 4 நாளா இறங்கின கிராஃப், வேலை முறை எப்படி மாறிச்சுங்கற படம், கடைசில மேலிடத்துக்கிட்ட நீங்க என்ன கேக்கறீங்கங்கறது, இந்த மூணு. மத்த பதினொண்ணு நின்னா யாருக்கும் ஒண்ணும் குறையாது. இந்த மூணுக்கு மட்டும் "படம் இல்லாம எப்படி சொல்வேன்"னு எழுதுங்க, அதுதான் உங்க மாற்று வரி.

கிராஃபையே எடுத்துப்போம். படம் இல்லாம "9லேர்ந்து 4ஆ குறைஞ்சிருக்கு"ன்னு சொன்னா காதுல விழும், மனசுல நிக்காது. இப்படி சொல்லிப் பாருங்க: "திங்கட்கிழமை ஒரு புகார் வருதுன்னு வைங்க. முன்னாடி அது முடியறப்போ அடுத்த வாரம் புதன்கிழமை. இப்ப, இதே வாரம் வெள்ளிக்கிழமை." 9 நாளும் 4 நாளும் அதேதான், ஆனா கேக்கறவர் மனசுக்குள்ள காலண்டர் ஓடும். கூடவே கையால கோடு போட்டுக் காட்டுங்க, ஒரு கை மேலேர்ந்து இறங்கட்டும், ஒண்ணு மட்டும் கவனம், கூட்டத்துக்கு இடப்பக்கம் உங்களுக்கு வலப்பக்கம், அதனால உங்க வலது கைப் பக்கம் மேல ஆரம்பிச்சு இடது பக்கம் கீழ கொண்டு வாங்க, அப்பதான் அவங்க கண்ணுக்குக் கிராஃப் சரியா இறங்கும். திருப்பிப் போட்டா நாள் ஏறினது மாதிரி தெரியும்.

ஸ்லைட் நகரலைன்னா முதல்ல என்ன பண்றது? கிளிக்கரை ரெண்டு தடவை அமுக்குங்க, நகரலைன்னா லேப்டாப் கீபோர்டுல அம்புக்குறியை ஒரு தடவை. அங்க நகர்ந்தா கிளிக்கர்தான் கோளாறு, ஸ்லைட்டை மாத்தற வேலையை லேப்டாப் பக்கத்துல இருக்கறவர்கிட்ட விட்டுட்டு பேச்சைத் தொடருங்க. அங்கயும் நகரலைன்னா உங்க வேலை அதோட முடிஞ்சுது, திரையைப் பாக்கறதை நிறுத்திட்டு கூட்டத்தைப் பாருங்க. நீங்க திரையையே திரும்பித் திரும்பிப் பாத்தா 150 பேரும் அதைத்தான் பாப்பாங்க, அதுல ஏதோ பிழைச் செய்தியோ பழைய ஸ்லைடோ நின்னுட்டு இருக்கும். புரோகிராம் உறையாம இருந்தா B அமுக்கினா பவர்பாயிண்ட்ல திரை கறுப்பாயிடும், திரும்ப அமுக்கினா வந்துடும். வரி: "படம் வர்ற வரைக்கும் வாயாலயே சொல்றேன்." இவ்வளவு போதும். மன்னிப்பு கேக்கவே வேண்டாம்னு சொல்லலை, ஒரு தடவை கேட்டா போதும், மூணு தடவை கேட்டா பேச்சோட விஷயமே மன்னிப்பு ஆயிடும்.

படம் திரும்ப வந்தா பின்னாடி போய் விட்ட ஸ்லைட்டையெல்லாம் ஒவ்வொண்ணா ஓட்டிக் காட்டாதீங்க. நீங்க இப்ப பேசிட்டு இருக்கற ஸ்லைட்டோட எண்ணை அடிச்சு Enter தட்டினா நேரா அங்க போயிடும், பவர்பாயிண்ட்டை மூடித் திறந்திருந்தா அந்த ஸ்லைட்டைத் தேர்ந்தெடுத்துட்டு Shift+F5 போட்டா அங்கேர்ந்தே ஆரம்பிக்கும். இதெல்லாம் உங்களுக்கு இல்ல, லேப்டாப் பக்கத்துல இருக்கற ஆளுக்கு. அவருக்குப் புரியணும்னா ஸ்லைட் எண்கள் உங்க குறிப்புல இருக்கணும், நீங்க "ஒன்பதாவது ஸ்லைட் போடுங்க"ன்னு சொன்னா போதும். ஒரு பிடிஎஃப் காப்பியை லேப்டாப் டெஸ்க்டாப்லயும் பென்டிரைவ்லயும் வச்சிருங்க, பவர்பாயிண்ட் மக்கர் பண்ணினா அது திறந்துடும், வீடியோவும் அனிமேஷனும் போயிடும், கிராஃப் இருக்கும், அது போதும்.

கரண்ட். இதுல முதல் வரி பேச்சைப் பத்தியே இருக்கக்கூடாது, ஆளுங்க பாதுகாப்பைப் பத்தி இருக்கணும். ஜன்னல் இல்லாத ஹால்ல திடீர்னு இருட்டாச்சுன்னா யாராவது எழுந்து நடப்பாங்க, படி தெரியாது, ஒயர் தெரியாது. கையைத் தூக்கிக் காட்டறதும் இங்க பலிக்காது, தெரியாதே. அதனால இங்க உடனே பேசணும்: "எல்லாரும் உக்காந்த இடத்துலயே இருங்க. நான் மேடையிலதான் இருக்கேன்." இருட்டுல ஒரு குரல் நிதானமா ஒரே இடத்துலேர்ந்து வந்தா ஆளுங்க அடங்குவாங்க. அடுத்தது வெளிச்சம்: "முதல் வரிசையில ரெண்டு பேர் மட்டும் மொபைல் டார்ச்சைக் கூரை பக்கம் அடிங்க." எல்லாரையும் போடச் சொன்னா கண் கூசும், உங்க முகத்துல அடிச்சாங்கன்னா உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, கூரைல பட்டுத் திரும்பற வெளிச்சம் பரவலா இருக்கும். புகை வாசனை வந்தாலோ அலாரம் அடிச்சாலோ இந்த வரிகள் எதுவும் கிடையாது, நடத்தறவங்க சொல்றபடி வெளியேற வேண்டியதுதான். அதனால வெளியேறும் வழி எந்தப் பக்கம்னு பேச்சுக்கு முன்னாடியே பாத்து வச்சுக்கங்க.

அப்புறம் ஒரு நல்ல விஷயம். கரண்ட் போனா ஏசியும் ப்ரொஜெக்டர் விசிறியும் நின்னுடும், ஹால் திடீர்னு ரொம்ப அமைதியாயிடும், மைக் மட்டும் போனப்போ கேக்காத குரல் இப்ப நல்லாவே போய்ச் சேரும். வயர்லெஸ் மைக் இருந்தா அதுல லைட் எரிஞ்சுட்டுதான் இருக்கும், பேட்டரில ஓடுதே, ஆனா ரிசீவரும் ஆம்ப்ளிஃபயரும் செத்திருக்கும், அந்த லைட்டை நம்பி மைக்ல பேசிட்டு இருக்காதீங்க. ஆஃப் பண்ணி வைங்க. ஆன்ல விட்டா கரண்ட் வந்ததும் ஸ்பீக்கர் பக்கத்துல இருக்கற மைக் ஊளையிட்டுடும். கரண்ட் வந்தாலும் ப்ரொஜெக்டர் உடனே வராது, விளக்கு வச்ச பழைய வகையா இருந்தா சூடு ஆறின பிறகுதான் திரும்ப எரியும், சில நிமிஷம் ஆகும். லேப்டாப் பேட்டரில இருக்கும், ஆனா வைஃபை ரௌட்டர் திரும்ப எழுந்திருக்க நேரம் எடுக்கும், ஆன்லைன்ல இருக்கற ஸ்லைட்டை நம்பினவங்க இங்கதான் மாட்டிப்பாங்க. அதனால கரண்ட் வந்துடுச்சே, படம் வரட்டும்னு நிக்காம பேச்சைத் தொடருங்க.

ஜெனரேட்டரோ யுபிஎஸோ இருக்கான்னு நடத்தறவங்ககிட்ட கேட்டு வச்சுக்கங்க. எவ்வளவு நேரத்துல வரும்னு தெரிஞ்சாதான் வரில நேரம் சொல்ல முடியும். எவ்வளவு நேரம் காத்திருக்கறது, வரலைன்னா யார் நிறுத்தறதுங்கறதையும் முன்னாடியே பேசி முடிவு பண்ணுங்க, மூணு நிமிஷம்னு வச்சுக்கலாம். அந்த மூணு நிமிஷமும் நீங்க சும்மா நிக்க வேண்டாம், உங்களுக்கு ஒரு ரெண்டு நிமிஷ முடிவு தயாரா இருக்கணும், அதுல மூணு விஷயம் போதும்: முன்னாடி புதன்கிழமை இப்ப வெள்ளிக்கிழமைங்கறது, எந்த வேலையை மாத்தினதால அது நடந்துச்சு, அடுத்து மேலிடம் என்ன செய்யணும். பேச்சோட எந்த இடத்துல கரண்ட் போனாலும் இதுக்குத் தாவ ஒரு வரி: "மிச்சத்தைச் சுருக்கமா சொல்லி முடிச்சுடறேன்." சொன்னபடி ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டா, போன தடவை மாதிரி பாதியில நின்னதா யாருக்கும் தோணாது. நடுவுல கரண்ட் வந்துடுச்சுன்னாலும் சுருக்கத்தை முடிச்சுட்டே உக்காருங்க, பழைய இடத்துக்குத் திரும்பப் போனா கேக்கறவங்களுக்கு அதையே ரெண்டாவது தடவை கேக்கற மாதிரி இருக்கும்.

இந்த எல்லாத்தையும் ஒரு அஞ்சுக்கு மூணு இன்ச் அட்டையில எழுதுங்க. பெரிய எழுத்துல, இருட்டுல மொபைல் வெளிச்சத்துல படிக்கற மாதிரி, மூணு தலைப்பு, ஒவ்வொண்ணுக்கும் கீழ ரெண்டு மூணு வரிதான். பாக்கெட்ல வைங்க, மேஜைல வைக்காதீங்க, இருட்டுல மேஜை எங்கன்னு தேடணும். ஒரு ஆளையும் ஏற்பாடு பண்ணுங்க, சவுண்ட் பாக்கறவருக்கும் உங்களுக்கும் நடுவுல ஓடறதுக்கு. அவரோட வேலை சரி பண்றது இல்ல, தகவல் சொல்றது. ஒரு விரல் காட்டினா ஒரு நிமிஷம், ரெண்டு விரல் ரெண்டு நிமிஷம், கையைக் குறுக்கே ஆட்டினா "இன்னிக்கு வராது"ன்னு அர்த்தம். மேடைக்கு வந்து காதுல குசுகுசுக்கக் கூடாதுன்னு அவர்கிட்ட சொல்லி வைங்க, கூட்டம் பூராவும் என்னமோ பெரிசா நடக்குதுன்னு நினைக்கும். உபரி மைக் இருந்தா அதை ஆன் பண்ணி, சத்தம் வருதான்னு பாத்துட்டு கொண்டு வந்து நீட்டணும், நீங்க திரும்ப டெஸ்ட் பண்ணக்கூடாது. அந்த மைக்கும் போச்சுன்னா மூணாவது மைக்குக்குப் போகாதீங்க, மைக் இல்லாமயே மிச்சத்தைச் சுருக்கமா முடிச்சுடுங்க, ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் அறுந்து போற கவனத்தைத் திரும்பப் பிடிக்கறது முன்னைவிடக் கஷ்டமா இருக்கும்.

பயிற்சியை அந்த ஹால்லயே பண்ணுங்க, ஒரு நண்பர் போதும். அவரைக் கடைசி வரிசையில உக்கார வச்சு, பேச்சு நடுவுல அவர் இஷ்டத்துக்கு "மைக்", "ஸ்லைட்", "கரண்ட்"னு கத்தச் சொல்லுங்க, எந்த நிமிஷம்னு உங்களுக்கு முன்னாடி தெரியக்கூடாது. கத்தினதுலேர்ந்து நீங்க திரும்பப் பேச்சைப் பிடிக்கற வரைக்கும் அவர் வாட்ச் பாக்கட்டும். முடிஞ்ச பிறகு "நல்லா இருந்துச்சா"ன்னு கேக்காதீங்க, நீங்க மைக் இல்லாம சொன்ன கடைசி வாக்கியத்தை அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. வாக்கியத்தோட கடைசிச் சொல்லை அவர் விட்டுட்டார்னா அந்த வாக்கியம் இன்னும் நீளம், ரெண்டா உடைச்சு எழுதிட்டு திரும்ப ஓட்டுங்க.